கசின் பிரதர் என்றால் எத்தனை பேர்?

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது சிதம்பரம் ரயிலடிதான். கடலைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு "டைம்பாஸ், டைம்பாஸ்" என்று பெட்டி பெட்டியாக ஏறி இறங்கியிருக்கிறேன். அப்படி இருந்தவனுக்கு 2008-ல் காடாம்புலியூர் பக்கம் சொந்தமாக முந்திரி ஆலை, கடலூரில் ஆபீஸ். யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. எல்லாம் இந்தக் கையால் வந்தது.

ஒரே ஒரு குறை. என் பருப்பு கப்பலேறும்போது மூட்டையில் இன்னொரு ஏற்றுமதிக்காரர் பெயர் இருக்கும். என் பெயரோடு ஒரு லோடாவது போகவேண்டும் என்பது எனக்கு வெறியாகவே இருந்தது. அந்த வருஷம் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றில் கொள்முதல் பார்க்கும் அம்மா ஒருவர் நேராக எனக்கே மெயில் போட்டார். என்னென்ன தரம் இருக்கிறது, எப்போது அனுப்ப முடியும், ஒவ்வொரு லோடையும் சோதித்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பாளர் யார், எழுதுங்கள் என்று.

பதில் எழுதியவன் என் மச்சான். என் தாய்மாமன் மகன். அவன் அக்காளைத்தான் நான் கட்டியிருக்கிறேன். பேங்கில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்று, சிதம்பரத்தில் இருந்தான். நான் சொல்லச் சொல்ல அவன் இங்கிலீஷில் போட்டான். ஆலையைப் பார்ப்பது என் கசின் பிரதர். சரக்குப் பட்டியல் அப்டேஷன் வாராவாரம் நடக்கும். வேண்டுமென்றால் லோடைப் பத்து நாள் ப்ரீபோன் செய்து தருவோம். மசாலா தடவிய உடைசல் பருப்பு நல்ல டைம்பாஸ் ஐட்டம். படித்துக் காட்டியபோது எனக்கே பெருமையாக இருந்தது. முன்பு சிங்கப்பூர்க் கடைக்காரர் ஒருவருக்கு இதே மாதிரி எழுதி, அவர் ஒரு கேள்வி கேட்காமல் சரக்கு எடுத்திருந்தார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. அதைத் தாளில் எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். மச்சான் கண்ணாடியை மாட்டிப் படித்தான். முகம் மாறியது.

"என்னடா சொல்லுது அந்தம்மா?"

"அப்டேஷன்ல பிரச்சினை இல்ல மாமா. புரிஞ்சிக்கிச்சி. ஆனா பதில்ல அதையே அப்டேட்னு போட்டிருக்கு."

"அப்ப நீ எழுதுனது தப்பா?"

"தப்பில்ல. நம்ம ஊரு ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க."

ப்ரீபோன் என்பதை 'முன்கூட்டியே என்று எடுத்துக்கொள்கிறேன், சரிதானா, எழுதி உறுதி செய்யுங்கள்' என்று கேட்டிருந்தார். மச்சான் குண்டு அகராதி ஒன்றை எடுத்துப் புரட்டினான். ப்ரீபோன் இருந்தது, பக்கத்திலேயே இந்திய ஆங்கிலம் என்று சின்னதாகப் போட்டிருந்தது. அப்டேஷன் இல்லவே இல்லை. இல்லாத சொல் புரிந்திருக்கிறது, இருக்கிற சொல்லுக்கு விளக்கம் கேட்கிறார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

டைம்பாஸ் என்பது முந்திரியில் எந்தத் தரம் என்று அடுத்த கேள்வி.

"தரமா? ரயில்ல போனா தெரியும், வரச் சொல்லு!" என்றேன்.

"சும்மா இருங்க மாமா. அவுங்க ஊர்ல அந்த வார்த்தையே கெடையாது. டைம், பாஸ் ரெண்டும் அவுங்களுதுதான். சேத்து வச்சது நாம."

"அப்ப சிங்கப்பூர்க்காரருக்கு எப்படிப் புரிஞ்சிது?"

"அவரு நம்ம புவனகிரிக்காரரு மாமா!"

கடைசிக் கேள்விதான் வினை. கசின் பிரதர் என்பது ஒருவரா, இருவரா? அவர் உங்கள் கசினா, பிரதரா? கையெழுத்துப் போடப்போகிறவர் யார் என்று தெளிவாகத் தெரியாமல் ஆர்டர் போடமுடியாது. உங்களுடைய, அவருடைய அடையாள அட்டை நகல்கள் இரண்டும் வேண்டும்.

"நல்ல வேள, சகலயப் பத்தி கோபிரதர்னு எழுதச் சொல்லல நீங்க. கம்பெனியையே மூடியிருப்பாங்க," என்றான் மச்சான். பிறகு, "வெறும் கசின்னு போட்டுருவோம். முடிஞ்சிது."

"கசின்னா யாரு?"

"சித்தப்பா மகன், பெரியப்பா மகன், மாமன் மகன், அத்த மகன், எல்லாம்தான்."

"அப்ப நீயும் கசினா?"

"ஆமா."

"நீயும் அவனும் ஒண்ணா?"

மச்சான் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆலையைப் பார்ப்பவன் என் சித்தப்பா மகன். ஒரே வீட்டில் வளர்ந்தவன், என் அப்பா சாவுக்கு என்னோடு சேர்ந்து மொட்டை போட்ட பங்காளி. அவன் தங்கை எனக்கும் தங்கை. இவன் தங்கையையோ அக்காளையோ நான் கட்டலாம்; கட்டியும் இருக்கிறேன். இந்த இரண்டு பேரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிற பாஷை என்ன பாஷை? அதற்குத்தானே நம் ஆட்கள் பின்னால் ஒரு பிரதரை ஒட்டவைத்தார்கள்?

"பிரதர்னே போடு. அவன் என் தம்பி," என்றேன்.

"மாமா, வேணாம். அவுங்களுக்குப் பிரதர்னா ஒரே அப்பா அம்மா."

"போடுன்னா போடு. என் தம்பிய எனக்குத் தெரியாதா?"

போட்டான். அட்டை நகல்களும் போயின. ஒரு வாரம் சத்தமே இல்லை. பிறகு வந்த மெயிலில் மரியாதை குறையவில்லை, ஆனால் கடுமை இருந்தது. அட்டைகளில் தகப்பனார் பெயர் வேறு வேறாக இருக்கிறது, முதலில் ஒன்று சொன்னீர்கள், இப்போது இன்னொன்று சொல்கிறீர்கள், பொறுப்பாளரைப் பற்றிய தகவல் சரியில்லாதவரை நிறுத்திவைக்கிறோம்.

நாற்பது வருஷம் வியாபாரத்தில் என்னைப் பொய்யன் என்று ஒருவன் சொன்னதில்லை. ஒரு சொல்லால் சொல்லவைத்துவிட்டேன். யாருக்கு என்ன புரிகிறது என்றே தெரியாமல் அன்று முழுக்க ஆபீசில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை மச்சானே கடலூருக்கு வந்துவிட்டான். "மாமா, உறவுக்குப் பேரு எதையும் சொல்லாதீங்க. யாரு மகன்னு மட்டும் சொல்லுங்க," என்றான். சொன்னேன். என் அப்பாவின் தம்பி மகன். ஒரே வீட்டில் வளர்ந்தோம். எங்கள் பாஷையில் அவனுக்கும் கூடப் பிறந்தவனுக்கும் ஒரே சொல்தான். அதனால் பிரதர் என்று எழுதினேன், ஏமாற்ற அல்ல. நாலு வரி. அப்டேஷன் இல்லை, டைம்பாஸ் இல்லை. படிக்கும்போது சப்பென்று இருந்தது, உப்பில்லாத பருப்பு மாதிரி.

அந்த அம்மா அன்றே பதில் போட்டார். இப்போது நன்றாகப் புரிகிறது, நன்றி. அடுத்த வாரம் ஒப்பந்தம் வந்தது. அதில் பொறுப்பாளர் என்ற இடத்தில் தம்பி பெயரும், அதற்கு எதிரே உறவு என்ற இடத்தில் கசின் என்ற ஒற்றைச் சொல்லும் இருந்தன. நாலு வரியையும் படித்துவிட்டு அவர் எழுதியது அதுதான்.

ஆலையில் மேசைமேல் தாளை வைத்தேன். தம்பி எட்டாவது படித்தவன், எழுத்துக் கூட்டிப் படிப்பான். அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தான்.

"இது மச்சானைச் சொல்றதுதானே அண்ணே? எனக்கு ஏன் போட்டிருக்கு?"

"அவுங்க ஊர்ல அப்படித்தான்டா."

"பக்கத்துல பிரதர்னு நம்ம கையால எழுதிக்கலாமா?"

"எழுதுனா மறுபடி கேப்பாங்க."

தம்பி பேனாவைத் திறந்து, கசினுக்கு நேரே கையெழுத்துப் போட்டான். மூட்டையில் என் பெயரோடு லோடு போனது. அவன் மனசில் என்ன போனது என்று கேட்க எனக்கு எந்த பாஷையிலும் வாய் வரவில்லை.