தேத்தண்ணிக்கு இடமில்லாத அட்டவணை

கண்டக்குழிக்கு நாங்கள் குடிவந்தது நோன்பு தொடங்கிய வாரம். எனக்குச் சிலாபத்தில் ஓர் அலுவலகத்தில் தற்காலிக வேலை. தினமும் பாலாவிச் சந்தியில் பஸ் மாற வேண்டும். என் கணவர் எதையும் கட்டம் போட்டுப் பார்க்கும் மனிதர். அந்த மாதம் முழுக்க நான் பஸ்ஸிலிருந்து அனுப்பிய நேரங்களை வைத்து ஓர் அட்டவணை போட்டு அலுமாரிக் கதவில் ஒட்டினார்.

முதல் பஸ் ஐந்து இருபதுக்கு. பாலாவி ஆறு இருபத்தைந்து. இரண்டாவது ஐந்து ஐம்பதுக்கு. பாலாவி ஆறு ஐம்பத்தைந்து. எதில் போனாலும் பிடிக்க வேண்டியது ஏழு ஐந்து சிலாபம் பஸ்ஸை. அது எட்டேகாலுக்குப் போய்ச் சேரும். தவறினால் அடுத்தது ஏழு நாற்பது, எட்டு ஐம்பதுக்குத்தான் சிலாபம். ரயில் இருந்த வரியை வெட்டிவிட்டார். நான் பாலாவிக்கு வருமுன்னே அது போய்விடும்.

பெருநாள் முடிந்த முதல் வேலைநாள், நிரந்தர நியமனத்துக்கான நேர்முகம். எட்டரைக்கு.

"முதல் பஸ்ஸில போய் நாப்பது நிமிசம் சந்தியில காயப் போறீங்களா? ரெண்டாவதுல போங்க. மாற பத்து நிமிசம் இருக்கு, ஒரு மாசமும் பிசகல்ல" என்றார் கணவர்.

எனக்கும் ஒரு மாதத்துக்குப் பிறகு காலையில் ஆறுதலாகத் தேநீர் குடிக்க ஆசை. முதல் பஸ்ஸை விட்டேன்.

நுரைச்சோலையில் ஒரு சாப்பாட்டுக் கடை முன்னால் பஸ் நின்றது. சாரதி இறங்கினார், நடத்துநர் இறங்கினார், பாதிப் பஸ்ஸும் இறங்கியது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நானும் இறங்கிப் போய்ச் சாரதியின் முன்னால் நின்றேன்.

"டிரைவர் நானா, பாலாவியில ஏழு அஞ்சு பஸ்ஸப் பிடிக்கணும். இண்டைக்கு எனக்கு நேர்முகம்."

"ஒரு மாசமா இந்தக் கடை பகல்ல பூட்டிக் கிடந்திச்சு, தங்கச்சி. இந்தா, குடிச்சிட்டு வாறன்."

"எப்பவும் இங்க நிப்பாட்டுவீங்களா?"

"ஓம். நோன்பில்லாத நாளெல்லாம்."

கோப்பையில் ஆவி பறந்தது. அவர் ஊதி ஊதிக் குடித்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கோப்பையைப் பறித்துக் கொட்டியிருப்பேன்.

பாலாவியில் கால் வைக்கும்போது ஏழு பத்து. சிலாபம் பஸ் போய்விட்டது. அலுவலகத்துக்கு அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. ஏழு நாற்பது பஸ்ஸில் வழி முழுக்கக் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே போனேன்.

"பேர் கூப்பிட்டு முடிஞ்சுது, மிஸ். இனி அடுத்த முறைதான்" என்றார் அலுவலக வாசலில் இருந்தவர்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கணவர் பேனையை எடுத்து அலுமாரிப் பக்கம் போனார்.

"இப்ப அத எழுதி என்னத்துக்கு?" என்று எரிந்து விழுந்தேன்.

"எழுதாட்டி நாளைக்கும் பிந்துவீங்க."

நுரைச்சோலை, தேத்தண்ணி, பதினைந்து நிமிடம் என்று எழுதினார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். அதுவும் அதே கடையில் நின்றது. நாற்பதில் பதினைந்து போனாலும் எனக்கு இருபத்தைந்து மிச்சம். இறங்கி ஒரு பிளேன்டீ வாங்கி, ஊதி ஊதிக் குடித்தேன். பாலாவியில் ஏழு ஐந்து பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது. யன்னலோரம் இடமும் கிடைத்தது. அதில் உட்கார்ந்துதான் அழுதேன்.