எண்ணாமல் விட்ட பிள்ளையார்

எங்கள் ரப்பர் தோட்டத்துக் கோயிலில் வருஷா வருஷம் வள்ளி கல்யாணம் நடக்கும். ஒருவர் மைக்கில் கதை வாசிப்பார். வள்ளி சம்மதிக்கிற இடம் வந்ததும் பூசாரி தாலியைக் கட்டுவார். கதை அங்கே வராமல் தாலி ஏறாது, அது எங்கள் வழக்கம். எங்கள் பெண்களுக்கு வள்ளி என்றால் உயிர். தினைப்புனத்தில் வெயிலில் நின்று காவல் காத்தவள், துரைமார் வீட்டுப் பிள்ளை இல்லை.

இந்த வருஷம் கதை வாசிக்கிற மச்சானுக்குத் தொண்டை போய்விட்டது. பேசவே கூடாதென்று கரவனெல்ல ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவர் வீட்டில் ரொம்ப சந்தோஷம். கோயில் கமிட்டிதான் தவித்தது. நான் பொறுப்பு என்று முன்னால் போய் நின்றேன். முருகன் விஷயத்தில் எனக்கு எப்போதும் கொஞ்சம் முந்திரிக்கொட்டைத்தனம் உண்டு.

என் போனில் ஒரு பெரியவர் சொல்லிய முருகன் கதை முழுசும் இருக்கிறது. காலையில் ரப்பர் பால் வெட்டும்போது காதில் மாட்டிக்கொள்வேன். ஒரே நீளமான ஃபைல், அதில் நமக்கு வேண்டியது ஒரு கல்யாணம் மட்டும். கோயில் ஆம்ப்ளிஃபயர் பென்டிரைவில் எம்பித்ரீ ஜாதிப் பாட்டுக்குத்தான் வாய் திறக்கும், இந்த ஃபைலைக் கண்டால் ஊமை. அதனால் புளத்கொகுபிட்டிய கடைவீதியில் போன் திருத்துகிற முஸ்லிம் அண்ணனிடம், நாங்கள் நானா என்போம், அவரிடம் கொண்டுபோனேன்.

நானா அதைக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினார். ஃபைல் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு அத்தியாயமும் எங்கே தொடங்குது, எங்கே முடியுதென்று உள்ளேயே அடையாளம் வைத்திருக்கிறார்களாம். எதற்கும் பேர் போடவில்லை, வெறும் நம்பர்தான் வரிசையாக நின்றது. எத்தனையாவது வேண்டுமென்று கேட்டார். மரத்துக்கு மரம் போகும்போது விரல் விட்டு எண்ணி வைத்திருந்தவன் நான். “ஏழாவது, நானா” என்றேன். அடையாளத்துக்கு அடையாளம் அச்சாக வெட்டி எம்பித்ரீயாக்கிப் பென்டிரைவில் போட்டார். சரியா பாருங்கள் என்று தொடக்கத்தைக் கேட்க வைத்தார். நாதஸ்வரம் வந்தது. சரிதான் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எல்லா அத்தியாயமும் அதே நாதஸ்வரத்தில்தான் தொடங்கும் என்பது அப்போது புத்தியில் படவில்லை.

கல்யாண நாள். ராகுகாலத்துக்கு முன்னால் தாலி ஏற வேண்டும். பென்டிரைவைச் செருகினோம். பந்தல், மேளம், தேவர்கள் வருகை என்று பெரியவர் அமர்க்களமாகச் சொல்லிக்கொண்டு போனார். காட்டில் நடக்கிற கல்யாணத்துக்கு ஏன் இத்தனை விருந்தாளி என்று யோசிக்கும்போதே ஸ்பீக்கர் மலை முழுக்கக் கேட்கச் சொன்னது: மணப்பெண் இந்திரன் மகள் தெய்வானை.

பூசாரி தாலியும் கையுமாக என்னைப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த கங்காணியம்மா எழுந்துவிட்டாள்.

“ஐயா, கைய எடுங்க. மூத்தவ கல்யாணம் முடிஞ்சு எத்தன யுகமாச்சு. எங்க புள்ளைக்கு அந்தக் கதையில தாலி கட்ட விடமாட்டோம்.”

“சாமிக்கே பொண்ணு மாத்திக் கொண்டாந்த தரகரு எங்க வூட்டுலதான் இருக்காரு” என்றாள் என் மனைவி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

கமிட்டித் தலைவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். ராகு வந்துகொண்டிருந்தது. என் மகள் போனைப் பிடுங்கி, முழு ஃபைலைத் திறந்து, அத்தியாய வரிசையில் ஏழுக்கு அடுத்ததைத் தொட்டாள். நாதஸ்வரம் முடிந்ததும் வள்ளி பேர் வந்தது! நேரமில்லாததால் யானை வருகிற இடத்துக்கே இழுத்துவிட்டாள். நான் மைக்கைப் போனோடு ஒட்டிப் பிடித்து நின்றேன். முருகன் அண்ணனைக் கூப்பிட, பிள்ளையார் யானையாக வந்து மிரட்ட, வள்ளி பயந்து கட்டிக்கொள்ள, சம்மதம் வந்தது. தாலி ஏறியது. குலவை போட்டார்கள், எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கண்ணைத் துடைத்த நேரத்தில் போன் நிற்காமல் அடுத்த அத்தியாயத்துக்குள் போய்விட்டது. நாதஸ்வரம் முடிந்து, மூத்தவள் கதவைச் சாத்திக்கொண்டு முருகனை வெளியே நிறுத்திய கதையைப் பெரியவர் தொடங்கினார். வெட்டி எடுக்கச் சொன்னதே இதற்காகத்தான். பெண்கள் சிரித்த சிரிப்பில் பூசாரியே திரும்பிக்கொண்டார்.

மறுநாள் நானாவிடம் சண்டைக்குத்தான் போனேன். அவர் முதல் நம்பரைத் தட்டினார். பிள்ளையார் வணக்கம். அதை நான் எண்ணவே இல்லை. கும்பிட்டுவிட்டுத்தானே கதை, கும்பிடுவதையும் கதைக்கணக்கில் சேர்ப்பார்களா?

“நீங்க சேக்காட்டியும் மெஷின் சேக்கும்ணே” என்றார் நானா.

வீட்டில் சொன்னேன். மனைவி அடுப்பை விட்டுத் திரும்பவில்லை.

“தம்பி கல்யாணத்துக்கு யானையா வந்து நின்ன மனுசன். அவர எண்ணாம விட்டுட்டு, கல்யாணம் எப்புடி நடக்கும்?”

அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போய், முருகனைத் தாண்டி மூலையிலிருக்கிற பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். அது ரெண்டாக இல்லாமல் மூன்றாக உடைந்தது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.