வெயில் வந்த பக்கம்

உதியன்குளங்கரை ஸ்டுடியோவில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. முதலாளி வெளியூரில் ஒரு கல்யாண வேலைக்குப் போயிருந்த நாளில், குளத்தூரிலிருந்து ஓர் அக்கா வந்தார். மகளின் கல்யாணத்துக்கு வர, துபாயில் இருக்கும் கணவருக்கு லீவு கிடைக்கவில்லையாம். சர்ச் முற்றத்தில் எடுத்த குடும்பப் படத்தில், மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தார்கள். அங்கே அவரைச் சேர்க்க வேண்டும்.

இரண்டு படத்தை ஒன்றாக்குவது எனக்கு அதுதான் முதல் தடவை. போனில் கேட்டேன். முகத்தைப் பார்க்காதே, மூக்கின் நிழலைப் பார் என்று முதலாளி சொன்னார். முகத்தைப் பார்க்காமல் மூக்கை எப்படிப் பார்ப்பது என்று எனக்கு விளங்கவே இல்லை.

அக்கா மூன்று படம் தந்திருந்தார். முதலாவது மேலிருந்து எடுத்த செல்ஃபி, காலே இல்லை. இரண்டாவதில் நேராக ஃப்ளாஷ் அடித்து முகத்தில் நிழலே இல்லை. மூன்றாவதில் முழு ஆளும் சிரித்தபடி நின்றார். கேமராவும் சர்ச் படத்தைப்போலவே நெஞ்சு உயரத்தில் இருந்தது. ஆனால் சர்ச் முற்றத்தில் வெயில் இடப்பக்கம், இவருக்கு வலப்பக்கம்.

அரைநாள் முழித்தபிறகு பெரிய புத்திசாலிபோல அவரைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திருப்பினேன். வெயில் சரியாக வந்துவிட்டது. ஓரம் பிடித்து வெட்டி, உயரம் ஒப்பிட்டு, நிறத்தைக் கொஞ்சம் மஞ்சளாக்கி, காலடியில் நிழலும் போட்டேன். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அக்கா பிரிண்டை வெகுநேரம் பார்த்தார்.

"இது அவருதான் மக்கா. ஆனா அவரு இல்ல."

மறுபடி பார்த்தேன். சட்டைப் பை வலது மார்பில் இருந்தது. தலைவகிடும் பக்கம் மாறியிருந்தது. வெட்கமாகிவிட்டது. செய்ததைச் சொல்லிவிட்டு, இடப்பக்க வெயிலில், நெஞ்சு உயரத்தில் எடுத்த முழுப் படம் வேறு உண்டா என்று கேட்டேன்.

அக்கா தயங்கித் தயங்கிப் போனை நீட்டினார். போன லீவு முடிந்து கணவர் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிய காலையில் வீட்டு முற்றத்தில் எடுத்தது. வெயில் இடப்பக்கம். மூக்கின் நிழல் சர்ச் படத்தில் விழுந்த அதே பக்கம், அதே நீளம். எல்லாமே பொருந்தியது. ஆனால் அவர் கண் சிவந்து நனைந்திருந்தது. அதனால்தான் அக்கா இதைத் தரவில்லை.

கண்ணைச் சரியாக்கட்டுமா என்று கேட்டேன். அதற்கும் வழி தெரியாது என்பது வேறு விஷயம்.

அக்கா திரையிலிருந்த சர்ச் படத்தில் மணப்பெண்ணுக்குப் பக்கத்திலிருந்த வெற்றிடத்தைத் தொட்டார்.

"வேண்டாம். மகளைக் கெட்டிக் குடுக்கிற அன்னைக்கு அப்பன் அழத்தானே செய்வாரு."