கீழே விட்டுப்போன இரண்டு

அச்சடித்த கேள்வித்தாளில் ஒரு இரண்டு விட்டுப்போனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். என்ன ஆகும் என்று நான் பார்த்தேன். என் கூடப் படித்தவளுக்கு ஆனது.

அது ஐம்பதுகளின் கடைசி. பாலக்காட்டில் பி.எஸ்ஸி. கணக்கு வகுப்பில் பெண்கள் என்று இருந்தது நாங்கள் இரண்டே பேர். நான் கிழக்கே சித்தூர் பக்கம், தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பெண். வாயும் கொஞ்சம் நீளம். அவள் பள்ளிவாசல் என்ற மலையூருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அவள் அப்பா தொழிற்சாலையில் கணக்கப்பிள்ளை. பாலக்காட்டில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். நான் அவளை ‘அம்மிணி’ என்பேன், அவள் என்னை ‘ஏட்டி’ என்பாள். அந்த ‘ஏட்டி’யைக் கேட்டு எங்கள் வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள்.

அவளுக்குக் கம்பம்மெட்டில் தாய்மாமன் ஒருவர் இருந்தார், ஏலக்காய் வியாபாரி. இவள் பிறந்தபோதே இவருக்குத்தான் என்று பேசிவைத்தது. கெட்டவர் இல்லை, ஆனால் இவளைவிட ரொம்ப மூத்தவர். இவள் அழுது, சாப்பிடாமல் கிடந்து, அப்பாவிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். பட்டம் வாங்கிவிட்டால் பள்ளிக்கூட வேலைக்குப் போகலாம், கல்யாணப் பேச்சே கிடையாது. தேறவில்லை என்றால் ஆவணியில் முகூர்த்தம்.

“எங்கப்பா சொன்ன சொல்லு மாற மாட்டாவட்டி. ரெண்டு பக்கமும்தான்” என்றாள் ஒருநாள். அந்த ‘ரெண்டு பக்கமும்’ என்பதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கியது.

கடைசி வருடத்தில் வளைகோட்டின் நீளம் காணும் பாடம் வந்தது. எனக்கு அது எட்டிக்காய். அவளுக்கோ அது சொந்த ஊர் சமாச்சாரம்.

“எங்க ஃபேக்டரியில நின்னு பாத்தா எங்க லயத்து வீடு அந்தா தெரியும். ஆனா நடந்தா கால் விட்டுப்போகும். ரோடு வளைஞ்சு வளைஞ்சுதானே போவுது? அதைத் துண்டு துண்டா வெட்டு. ரொம்பச் சின்னத் துண்டுன்னா அது நேர்கோடு மாதிரிதான். குறுக்கே கொஞ்சம் போற, மேல கொஞ்சம் ஏறுற. ரெண்டையும் தனித்தனியா வர்க்கம் பண்ணிக் கூட்டி வேர் எடுத்தா அந்தத் துண்டோட நீளம். குறுக்கே போனதை வெளியே எடுத்துட்டா உள்ளே ஒண்ணும், சரிவோட வர்க்கமும் நிக்கும். எல்லாத் துண்டையும் கூட்டு. இம்புட்டுத்தான்.”

இம்புட்டுத்தானாம்! நான் ஒன்றுக்கும் சரிவின் வர்க்கத்துக்கும் தனித்தனியாக வேர் எடுத்துக் கூட்டிவிட்டு, கணக்கு முடிந்தது என்று பேனாவை மூடிவிடுவேன். அவள் தலையில் தட்டுவாள். “ஒம்போதையும் பதினாறையும் கூட்டி வேர் எடு. அஞ்சா ஏழா? சொல்லுட்டி.”

எங்கள் பேராசிரியர் கல்பாத்திக்காரர், மூக்குப்பொடி போடுகிறவர். அவர் முதல் நாளே எச்சரித்தார். “இந்த ஸ்கொயர் ரூட் இருக்கே, லேசுல தொறக்காது. x வர்க்கத்துக்குப் போட்டா லாகரிதம் வரைக்கும் இழுத்துண்டு போகும். x கனத்துக்குப் போட்டா நமக்குத் தெரிஞ்ச எந்த ஃபங்ஷனும் கை கொடுக்காது. பரீட்சையில வர்றதெல்லாம் தொறக்கணும்னே பண்ணி வச்ச பூட்டு, புரிஞ்சுதா?”

அப்படிப் பண்ணி வைத்த பூட்டுகளில் ஒன்றை அவள் எனக்குத் திறந்து காட்டினாள். y = x³/6 + 1/(2x). சரிவு x²/2 − 1/(2x²). அதை வர்க்கம் செய்தால் நடுவில் கழித்தல் அரை வருகிறது. வேருக்குள் காத்திருக்கும் ஒன்றைக் கூட்டினால் அந்தக் கழித்தல் அரை, கூட்டல் அரை ஆகிவிடுகிறது. கழித்தல் குறி ஒன்றே கூட்டலாக மாற, மொத்தமும் முழு வர்க்கம்! வேர் கழன்று விழுகிறது, x²/2 + 1/(2x²) கையில் நிற்கிறது. ஒன்றிலிருந்து இரண்டு வரைக்கும் நீளம் 17/12. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மாவிளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

“இது எப்பவும் திறக்கும்னு நெனச்சுக்காத அம்மிணி. தொறக்கலைன்னா உட்டுட்டு அடுத்த கணக்குக்கு ஓடிப்போயிரணும்” என்றேன்.

“திறக்கலைன்னா நம்ம எங்கயோ தப்புப் பண்ணிருக்கோம்னு அர்த்தம். கேள்வி தப்பா இருக்காதுட்டி” என்றாள் அவள்.

அதுதான் அவள் குணம். அச்சில் வந்ததை நம்புவாள், தன்னை நம்ப மாட்டாள்.

பரீட்சை அன்று கேள்வித்தாளில் அந்தக் கணக்கே வந்திருந்தது. எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் அவள் தோள் சந்தோஷமாக நிமிர்ந்ததைப் பார்த்தேன். நானும் ஆசையாக ஆரம்பித்தேன். இரண்டாவது வரியிலேயே இடித்தது. நடுவில் வர வேண்டிய உறுப்பையே காணோம். வேருக்குள் x⁴/4 + 1/x⁴ என்று நிற்கிறது, எப்படிப் புரட்டினாலும் முழு வர்க்கம் ஆகவில்லை. எனக்குத்தான் புத்தியில்லை என்று சபித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். எனக்குப் புத்தியில்லை என்பது எனக்குப் பழகிய விஷயம், அதனால் வலிக்கவில்லை.

அவள் போகவில்லை. மறுபடி மறுபடி தாள் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். x-க்குப் பதில் வேறொன்றைப் போட்டுப் பார்த்திருக்கிறாள், ஹைப்பர்பாலிக் போட்டுப் பார்த்திருக்கிறாள், பகுதிபகுதியாகத் தொகையிட்டுப் பார்த்திருக்கிறாள். கடைசி மணிக்கு முன் எச்சரிக்கை மணி அடித்தபோதுதான் மற்ற கேள்விகள் அப்படியே கிடப்பதைப் பார்த்தாளாம். அவசரத்தில், வெட்கத்தில், அந்தக் கணக்கை முழுக்கக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, மிச்சத்தில் எட்டியதைக் கிறுக்கிக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

வெளியே அரளிச் செடி ஓரமாக நின்றோம். பேராசிரியர் கேள்வித்தாளை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

“அடப் பாவமே! 1/(2x)னு இருக்கணும். 1/xனு அடிச்சிருக்கான். கீழே ஒரு ரெண்டு விட்டுப்போயிடுத்து. அரைக்குப் பதில் நடுவுல முழு ஒண்ணு கழியறது, வேருக்குள்ள இருக்கற ஒண்ணும் அதோட அடிபட்டுப் போயிடும். இது யாருக்கும் தொறக்காதும்மா. தொறக்கவே தொறக்காது.”

அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. “அப்ப நான் தப்புப் பண்ணலையா சார்?” என்று கேட்டாள்.

பேராசிரியர் சும்மா இருக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டார். கேள்வி தவறுதான் என்று ஒப்புக்கொண்டு, அதைத் தொட்டவர்களுக்கெல்லாம் முழு மதிப்பெண் கொடுத்தார்கள். எங்கள் வகுப்புப் பையன் ஒருவன், வேர் திறந்துவிட்டதாகப் பாவனை பண்ணி, x²/2 + 1/x² என்று கூசாமல் எழுதி, நீளம் 5/3 என்று அடியில் இரண்டு கோடும் போட்டுவிட்டு வந்திருந்தான். அவனுக்கு முழு மதிப்பெண். நான் தொட்டுவிட்டு ஓடியிருந்தேன், எனக்கும் முழு மதிப்பெண். அவள் தாள் தாளாக எழுதி அடித்திருந்தாள். அடித்த விடைக்கு மதிப்பெண் கிடையாது என்பது விதி. விதியாம் விதி! அதை எழுதியவன் கையில் கட்டி வர.

முடிவு பத்திரிகையில் வந்தது. என் எண் இருந்தது, அவள் எண் இல்லை. வீட்டில் எனக்குப் பாயசம் வைத்தார்கள். நான் அதை அண்ணன் பக்கம் நகர்த்திவிட்டேன்.

செப்டம்பரில் மறுபடி எழுதலாம் என்று சொல்லப் பேராசிரியரே அவள் அப்பாவுக்கு ஆள் அனுப்பினார். அவர் பாலக்காட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, நின்றபடியே பேசினார். “கேள்வி தப்பா இருக்கட்டும் சார். மத்த பிள்ளைக தேறிருச்சே. என் மச்சினனுக்கு நான் கொடுத்த வாக்கு தப்பா போயிரக் கூடாதுல்லா?” என்றார். பேராசிரியர் கரும்பலகையில் எழுதிக்கூடக் காட்டினார். அந்த மனிதர் மரியாதையாக முழுவதும் கேட்டுவிட்டுக் கும்பிட்டார். அவள் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனாள். ஆவணியில் கல்யாணம் நடந்தது. எங்கள் வீட்டில் என்னை அத்தனை தூரம் அனுப்பவில்லை.

எனக்குப் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. இடையில் ஒரு மழைக்காலம் போயிற்று. என் அண்ணன் கம்பத்துச் சந்தைக்கு மாடு பார்க்கப் போனபோது அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு மலை ஏறும் வழியில் வண்டி வளைய வளைய எனக்கு அவள் சொன்ன துண்டுகள்தான் ஞாபகம் வந்தன.

கடைக்குப் பின்னால் வீடு. வீடு முழுக்க ஏலக்காய் வாசனை, மூச்சு முட்டியது. அவள் மெலிந்திருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. அவள் கணவர், “வாங்கம்மா, இவ படிச்ச கூட்டாளியா? இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்” என்று அன்பாகச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். அந்த அன்பு எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது. திட்டவாவது ஒரு ஆள் வேண்டாமா?

சாப்பாடு முடிந்ததும் அவள் ஏலக்காய் மடிக்கும் பழுப்புத் தாள் ஒன்றை என் முன்னால் வைத்தாள். பென்சிலில் எழுதியிருந்தது.

“அந்தக் கணக்குத்தாட்டி. ரெண்டு விட்டுப்போன கணக்கு. திறக்காதுன்னு சார் சொன்னாவல்லா, சரி, திறக்காட்டி போகுது. கோட்டுக்கு நீளம் இல்லாமப் போயிருமா? ஒண்ணுலருந்து ரெண்டு வரைக்கும் நாலு துண்டா வெட்டினேன். ஒவ்வொரு இடத்துலயும் வேர் எடுத்து, சிம்ப்சன் விதியில போட்டேன். லாகரிதம் புஸ்தகம் கிடையாது, கையாலதான் எடுத்தேன். பிள்ளை தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமா. ஒண்ணு புள்ளி மூணு ரெண்டு வருது. சரியா பாரு.”

நான் பார்த்தேன். தொடக்கத்தையும் முடிவையும் ஒரு தரம், ஒற்றைப்படை இடங்களை நான்கு தரம், நடுவை இரண்டு தரம். ஒவ்வொரு வேரையும் பழைய முறையில் இரண்டு இரண்டு இலக்கமாக இறக்கி, நீண்ட வகுத்தல் போல எடுத்திருந்தாள். எங்கேயும் ஒரு அடித்தல் இல்லை. நான் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் போய்க் கடைசியில் வந்து நின்றேன்.

“சரியா இருக்குது அம்மிணி” என்றேன்.

“நல்லாப் பாத்தியா?”

“பாத்துட்டேன். தப்பே இல்லை.”

குழந்தை தாளைப் பிடித்து இழுத்தது. அவள் அதன் கையை விலக்கிவிட்டு, தாளை நான்காக மடித்தாள். பிறகு வெளியே கடைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அப்ப நான் பாஸுதானட்டி?”

வாய் நீளமான நான் அன்றைக்கு ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவள் அந்தத் தாளையே பிரித்து, ஏலக்காய் ஒரு பிடி வைத்து மடித்து, ஊருக்குக் கொண்டுபோ என்று என் கையில் கொடுத்தாள்.