பேசாமல் வைத்த அழைப்புகள்

தொண்ணூறுகளின் கடைசி. அருப்புக்கோட்டையில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பிரசாரம் எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்று அளந்து எழுதுவது என் வேலையாக இருந்தது.

லாரி டிரைவர்கள், கிளீனர்கள், விசைத்தறித் தொழிலாளர்கள் என்று பட்டியல் போட்டிருந்தோம். அவர்களில் பெரும்பாலானவர்களை எங்கள் ஆட்கள் ஒரு முறையாவது சந்தித்திருந்தார்கள். தெருநாடகத்துக்குக் கூடிய மற்றவர்களை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சர்வேக்குப் பிரசாரத்தில் இல்லாத ஆட்களை அனுப்பினோம். சமீபத்தில் கேட்ட சுகாதாரச் செய்தி என்ன என்று முதலில் பொதுவாகக் கேட்டு, பிறகுதான் எங்கள் பிரசார வாசகங்களைப் படித்துக் காட்டி, கேட்டதுண்டா என்று விசாரித்தார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர்களைக் கண்டுபிடிக்க, நாங்கள் வெளியிடாத ஒரு வாசகத்தையும் இடையில் வைத்திருந்தேன்.

பக்கத்து ஊரான நரிக்குடியில் பலர், சந்தேகம் கேட்க நாங்கள் வைத்திருந்த உதவித் தொலைபேசி எண்ணைப் பார்க்காமலே சொன்னார்கள். ஆனால் நரிக்குடியிலிருந்து பேசுகிறேன் என்று சொன்ன அழைப்பு, அலுவலகத்தின் போன் பதிவேட்டில் ஒன்றுகூட இல்லை.

திட்ட மேலாளர், அங்கே பலன் இல்லை என்று எழுதி முடித்துவிடச் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மதியச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுப் பதிவேட்டை மறுபடி புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடுகள். எடுத்ததும் எதிர்முனை பேசாமல் வைத்துவிட்ட அழைப்புகள் அவை. தவறான எண் என்று நினைத்து நாங்கள் எண்ணாமல் விட்டவை.

மறுநாள் பஸ் ஏறினேன். நரிக்குடியில் எஸ்.டி.டி. பூத் என்பது பலசரக்குக் கடைக்குள் ஒரு மேசை. கதவும் கிடையாது, தடுப்பும் கிடையாது. எங்கள் எண்ணைச் சுழற்றினேன். அலுவலகத்தில் தோழி எடுத்து வணக்கம் சொன்னாள். பின்னால் இருவர் போனுக்குக் காத்து நின்றார்கள். மூன்று வருடமாக இதையே பேசித் திரிந்தவள் நான். வாய் வரவில்லை. வைத்துவிட்டேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "நிறையப் பேரு இப்படித்தாம்மா. நம்பரப் போடுவாக. ஆளு வந்து நின்னா வச்சுட்டுப் போயிருவாக."

அவரிடம் வந்த காரியத்தைச் சொல்லி, போனுக்கு ஒரு மறைவு கேட்டேன். மேசையைச் சரக்கு அறைக்கு மாற்றி ஒரு திரையும் போடச் சம்மதித்தார்.

பேசாமல் வைத்த அழைப்புகளையும் அறிக்கையில் காட்ட மேலாளர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "அதுல பாதி பிள்ளைக விளையாட்டா இருக்கும். எப்படி எண்ணுவீக?"

அவர் கேட்டது நியாயம். பேசிய அழைப்புகளோடு சேர்க்க வேண்டாம், தனி வரிசையாகக் காட்டலாம் என்றேன். அதற்குச் சம்மதித்தார்.

அடுத்த மாதம் நரிக்குடி என்று ஊர் சொல்லிச் சிலர் பேசினார்கள். திரையால்தானா, அதே மாதம் எழுதிய சுவர் விளம்பரத்தாலா, தெரியாது. அதையும் அறிக்கையில் எழுதினேன். ஆனாலும் பென்சில் கோடுகள் நிற்கவில்லை. ஒவ்வொரு முறை எதிர்முனை பேசாமல் போனை வைக்கும்போதும், இது எந்த ஊர், பின்னால் யார் நிற்கிறார்கள் என்று எனக்கு இருப்புக் கொள்ளாது.