பதில் வராமல் மெயினைப் போடாதவள்

கொல்கத்தாவின் கரியாஹாட்டில் ஃபேன், மிக்ஸி, கீசர் விற்று ரிப்பேரும் செய்யும் கடைக்காரர் ஒருவரிடமிருந்து, துர்கா பூஜைக்கு ஒரு மாதம் இருக்கும்போது எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "திதி, கூட்டம் தாங்கல. உங்க எலக்ட்ரீஷியன் வகுப்புல கெட்டிக்காரங்களா ரெண்டு பேரை அனுப்புங்க. எதிர்த்துப் பேசாதவங்களா இருக்கணும்."

நான் தொழிற்பயிற்சிப் பள்ளியில் வயரிங் சொல்லிக்கொடுப்பவள்; அவருக்கு 'திதி', அதாவது அக்கா. எதிர்த்துப் பேசாத கெட்டிக்காரர்கள் என்று எவரும் என் வகுப்பில் இதுவரை படித்ததில்லை. ஆனாலும் இரண்டு பேரை அனுப்பினேன். ஒருவனை அன்றே எடுத்துக்கொண்டார். மறுநாள் போகவேண்டிய இன்னொருத்தி காளிகாட்டில் இருக்கும் தமிழ்ப் பெண். வகுப்பிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தவள், அதை மறைத்துப் பயனில்லை. பூஜைக்குள் வேலை கிடைக்காவிட்டால் மதுரையில் அத்தை வீட்டுக்கு அனுப்பிக் கல்யாணத்தை முடித்துவிடுவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. அவளோ மதுரையை இரண்டே முறை பார்த்தவள். "அங்க எனக்கு யார் இருக்கா மிஸ்? என் பந்துங்கள்லாம் இங்கதான்" என்று என்னிடம் அழுதிருந்தாள். சிநேகிதிகளைத்தான் அப்படிச் சொல்வாள்.

அவள் போன அன்று மத்தியானமே கடைக்காரர் போன் செய்தார். வங்க மொழியில் அவர் கத்திய கத்தலில் ஆசிரியர் அறையே திரும்பிப் பார்த்தது.

"யாரை அனுப்பியிருக்கீங்க திதி? கடையையே இருட்டாக்கிட்டா! வந்த ஜனம் எழுந்து போயிடுச்சு!"

ஆட்டோ பிடித்து ஓடினேன். கல்லாவுக்குப் பின்னால் அவர் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார். ஸ்டூலுக்குப் பக்கத்தில் அவள் டெஸ்டரைப் பிடித்தபடி நின்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் தலை குனியவில்லை.

நடந்தது இதுதான். கல்லாவுக்கு மேலே மெதுவாகச் சுற்றிய ஃபேனைச் சரிசெய்யச் சொல்லியிருக்கிறார். மெயினை அணைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாள். பில் போட்டுக்கொண்டே அவர் தலையாட்டியிருக்கிறார். அணைத்தாள், கண்டென்சரை மாற்றினாள், கீழே இறங்கினாள். அதுவரை எல்லாம் சரி. அதற்குப் பிறகுதான் என் வகுப்பு அந்தக் கடைக்குள் புகுந்தது.

என் வகுப்பில் ஒரு வழக்கம். மெயினைப் போடும் முன் "ஹாத் ஷொராவ்!" என்று உரக்கக் கூவவேண்டும். கையை எடுங்கள் என்று அர்த்தம். அங்கிருக்கும் அத்தனை பேரும் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டி "ஷொரியேச்சி", எடுத்தாச்சு, என்று பதில் சொன்ன பிறகுதான் மெயின். ஒரு குரல் குறைந்தாலும் கூடாது.

இருட்டில் நின்று இவள் கூவியிருக்கிறாள். யார் பதில் சொல்வது? புடவைப் பைகளோடு மிக்ஸி வாங்க வந்தவர்களா? இன்னும் உரக்கக் கூவியிருக்கிறாள். ஏதோ விபரீதம் என்று பயந்து ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். கடைக்காரர் "போடு, போடு" என்று கத்த, இவள் முடியாதென்று மெயினை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"நான் முதலாளி, நான் சொல்றேன், போடமாட்டாளாம்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைத் திறந்தால் சிரித்துவிடுவேனோ என்று அவளைப் பார்த்தேன்.

"பதில் வரலியே மிஸ்," என்றாள் தமிழில். "பின்னால கோடவுன்ல யார் எந்த வயர்ல கை வெச்சிருக்காங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அதை அப்படியே வங்க மொழியில் அவருக்குச் சொன்னேன்.  அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"போன வருஷம் எங்க ரிப்பேர் மிஸ்திரி ஏணி மேல இருந்தான்," என்றார் கடைசியில். குரல் இறங்கிவிட்டது. "வெளிச்சம் பத்தலையேன்னு நான்தான் மெயினைப் போட்டேன். ஷாக் அடிச்சு விழுந்தான். இன்னும் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கறான்."

எங்களுக்கு டீ வந்தது. அவளிடம் அவர் வேறு எதுவும் கேட்கவில்லை, நாளைக்கு எத்தனை மணிக்கு வருவாய் என்பதைத் தவிர. வெளியே வந்ததும் நடைபாதைக் கூட்டத்தில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "சீ, பைத்தியம்" என்று திட்டிவிட்டு நானும் அழுதேன்.

பூஜைக்கு முந்தின வாரம் அந்தக் கடைக்குப் போனேன். கூட்டம் நெரிந்தது. திடீரென்று விளக்கெல்லாம் அணைந்தது, கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து என் மாணவியின் குரல்.

"ஹாத் ஷொராவ்!"

தெருவிலிருந்து வந்த வெளிச்சத்தில், காலை இழுத்து நடக்கும் மிஸ்திரி கையைத் தூக்கினார். வாடிக்கை மாமிகள் பைகளோடு கையைத் தூக்கினார்கள். கல்லாவில் ஒரு கையில் பேனா, ஒரு கையில் பில்லோடு கடைக்காரர் இரண்டையும் எல்லோருக்கும் மேலாகத் தூக்கிக்கொண்டு, இருட்டில் முதல் ஆளாகச் சொன்னார்:

"ஷொரியேச்சி, மா!"