மிஞ்சிய மீட்புக் கோப்புகள்

நிரோஜினி களுவாஞ்சிக்குடியில் ஒரு ஸ்டூடியோவில் வீடியோ தொகுப்பவள். கனடாவில் இறந்துபோன மகனின் இறுதிச் சடங்கைப் பார்க்க வேண்டும் என்று சீதேவிப்பிள்ளை அங்கே வந்து கேட்டிருந்தாள். மகனின் நண்பன் அந்த வீடியோவைப் பல துண்டுகளாக இணையத்தில் ஏற்றி, பழுதானால் திருத்துவதற்கு மீட்புக் கோப்புகளையும் சேர்த்திருந்தான்.

இறக்கியபோது மூன்று துண்டுகள் பழுதாகிவிட்டன. ஒவ்வொரு துண்டும் பல சிறு கட்டங்களால் ஆனது; எத்தனை கட்டம் கெட்டிருக்கிறது என்று நிரோஜினி சரிபார்த்தாள்.

“அண்ணன், திருப்பி இறக்கத் தேவல்ல. பன்னிரண்டு கட்டந்தான் கெட்டிருக்கு, மீட்புக் கோப்புல இருபது கட்டம் இருக்கு. இதாலயே திருத்தலாம்.”

முதலாளி கருணைராசா சிரித்தார். “எனக்குச் சொல்லித்தாறாவாம். எழும்பு புள்ள!”

அவளை எழுப்பிவிட்டு, இறக்கிய துண்டுகள் எல்லாவற்றையும் அவரே அழித்தார். முழுவதையும் மறுபடி இறக்கப் போனபோது நண்பன் அனுப்பிய இணைப்பு காலாவதியாகியிருந்தது. நண்பனிடமும் வேறு பிரதி இல்லை. மீட்புக் கோப்புகள் மட்டும் கணினியில் மிஞ்சின. அவை சிறு குறையை நிரப்புமே தவிர, இல்லாத வீடியோவை முழுதாக உருவாக்கா.

மறுநாள் சீதேவிப்பிள்ளை வந்தாள். கருணைராசா நிரோஜினியைக் கைகாட்டினார்.

“இவள்தான் அழிச்சிப்போட்டாள், அம்மா.”

“இல்ல அம்மா, நான்...” என்று அவள் சொல்லி முடிக்குமுன் கன்னத்தில் அறை விழுந்தது.

“என்ட மகன ரெண்டாந்தரம் சாகடிச்சிப்போட்டியேடி!”

கருணைராசா நிரோஜினியை அப்போதே வேலையை விட்டு நிறுத்தினார். பிறகு சீதேவிப்பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தார். அவள் அவருடைய கைகளைப் பிடித்துக்கொண்டு, “நீங்களாவது இருக்கிறீங்களே, தம்பி” என்று அழுதாள். நிரோஜினி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.